நீச்சலுக்கு முன்னால் ரப்பர் பேண்டு இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டேன்

காரைக்குடியில் ஜிம்முக்குப் பஞ்சமில்லை. நீந்துகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் எனக்குக் கிடைக்கவில்லை. 200, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்னுடையது. இழுப்பில் பலம் கூடட்டும் என்று ஜிம்மில் சேர்ந்தேன். எல்லாருக்கும் கொடுக்கும் அதே அட்டைதான் எனக்கும்: பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேல் பிரஸ், கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் புல்டவுன். ஐந்தாவது வாரம், கை தண்ணீரைப் பிடிக்கும் நொடியில் வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. சொன்னால், "பழகிரும் தம்பி" என்றார் பயிற்சியாளர். பழகவே இல்லை.

ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று மதுரைக்கு பஸ் ஏறினேன். டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் முழுதும் போச்சு. அடுத்த வாரம் நேராக ஒரு பிசியோவிடம் போனேன். முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அவர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் கையில் 1 கிலோ டம்பெல் கொடுத்தார். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு முன்கையை மட்டும் மேலே தூக்க வேண்டும். இடது கை 20 தடவை சாதாரணமாகத் தூக்கியது. வலது கை ஒன்பதிலேயே நடுங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 4 கிலோமீட்டர் நீந்தினால் ஒவ்வொரு கையும் ஆயிரம் தடவைக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுப்பு முழுக்க மார்பும் முதுகின் பக்கவாட்டுத் தசையும் கையை உள்பக்கமாகத் திருப்பிச் செய்யும் வேலை. வெளிப்பக்கம் திருப்பி மூட்டைக் குழிக்குள் பிடித்துவைக்கும் சின்னத் தசைகள் அந்த அளவுக்கு வளர்வதில்லை. ஜிம் அட்டை இந்த ஏற்றத்தாழ்வைத்தான் இன்னும் கூட்டியிருக்கிறது.

வாரம் மூன்று நாள், வீட்டிலேயே செய்ய எழுதிக் கொடுத்தார். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு வைத்து அதே தூக்கல், 12 வீதம் மூன்று சுற்று. வளவுத் தூணில் ரப்பர் பேண்டைக் கட்டி முகத்தை நோக்கி இழுப்பது. சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப் எடுத்து, கடைசியில் இன்னும் கொஞ்சம் தள்ளித் தோள்பட்டைப் பலகையை முன்னால் கொண்டுபோவது.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். காலையில் குளத்துக்குப் போவதற்கு முன்னால், வார்ம்-அப் ஆகவும் இருக்கட்டும் என்று, எரிச்சல் எடுக்கும்வரை பேண்டு இழுத்தேன். பத்தாவது நாள் வலி முன்னைவிட மோசம். போனில் கேட்டபோது பிசியோ கோபப்பட்டே சொன்னார்: "பிடிச்சு நிக்க வேண்டிய தசையைக் களைக்க வச்சுட்டுத் தண்ணியில இறங்குனா, மூட்டை யாரு பிடிக்கிறது?" நீச்சலுக்கு முன் லேசான பேண்டில் ஒரே ஒரு சுற்று, பத்து தடவை. முழுப் பயிற்சி மாலையில். இதை மாற்றியதும் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

இழுப்பு பலத்துக்குக் கம்பி வேண்டுமே? முகப்பு ஊஞ்சலின் சங்கிலியைக் கழற்றி, அது தொங்கிய வளையங்களில் கயிறும் மரக் கைப்பிடியும் மாட்டினேன். "ஊஞ்சலக் கழட்டிட்டு என்னடா தொங்குற?" என்று அப்பத்தாவுக்கு வருத்தம். ஆனால் அதுதான் கைகொடுத்தது. முதல் மூன்று வாரம் புல்-அப் கிடையாது. குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, மார்பு கைப்பிடியைத் தொடும்வரை இழுப்பது மட்டும். தோள் காதை நோக்கி ஏறினால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் தொங்கியபடி, முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இறக்கப் பழகினேன். முன்பு தோளைக் குறுக்கி நாலு புல்-அப் எடுத்தவன், இப்போது சுத்தமாக ஆறு எடுக்கிறேன்.

வயிற்றுக்கு டெட் பக். ஆத்தங்குடித் தரையில் மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில் மெல்லிய துண்டை விரித்து, எதிரெதிர்க் கை காலை மெதுவாக நீட்ட வேண்டும். தங்கை துண்டை இழுத்துப் பார்ப்பாள். உருவி வந்தால் முதுகு வளைந்துவிட்டது, அந்தத் தடவை கணக்கில்லை. முதல் நாள் ஒவ்வொரு தடவையும் உருவி வந்தது. இது பிடிபட்ட பிறகு, மூச்சுக்குத் திரும்பும்போது என் கால்கள் பக்கவாட்டில் ஆடுவது குறைந்தது என்று கோச்சே சொன்னார்.

வலிக்கு பிசியோ சொன்ன அளவு: பத்துக்கு இரண்டுக்குள் இருந்து, மறுநாள் காலையில் தெரியாமல் போனால் தொடரலாம். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ விரல் மரத்தாலோ டாக்டர்தான்.

பதினோராவது வாரம், ஒருக்களித்துப் படுத்துத் தூக்குவதில் வலது கை 17 தொட்டது. போன சனிக்கிழமை குத்தல் இல்லாமல் 400 மீட்டர் நீந்தி முடித்தேன். நீந்தும்போது உள்ளங்கையில் கைத் துடுப்பு மாட்ட மட்டும் இன்னும் அனுமதி இல்லை. இரண்டு கையும் 20 வந்த பிறகுதானாம்.