விடுபட்ட உறுப்புகள் உள்ள அடுக்குத் தொடரில் n என்பது எதைக் குறிக்கிறது?

தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்காகச் சேர்ந்து படிக்கும் எங்கள் குழுவில், அடுக்குத் தொடரின் ஒருங்கல் ஆரம் பற்றிய கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கோஷி 1821-இல் வெளியிட்டு, பின்னர் 1888-இல் ஹதமார்டு மீண்டும் கண்டறிந்த சூத்திரத்தை அனைவரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்:

1/R = limsup |aₙ|^(1/n)

ஆனால் இதில் வரும் n என்பது z-இன் அடுக்கு என்பதையும், அது கூட்டல் குறியின் கீழ் எழுதப்பட்டிருக்கும் வரிசை எண் அன்று என்பதையும் தேர்வு அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். Σ aₙzⁿ என்று வழக்கமான வடிவில் தொடர் கொடுக்கப்பட்டால் இரண்டும் ஒன்றே என்பதால் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. Σ 2ᵏz³ᵏ போன்ற தொடர் வந்த உடனே தெரிந்துவிடுகிறது. அங்கே 2ᵏ என்பது a₃ₖ. ஆகவே எடுக்க வேண்டியது k-ஆம் மூலம் அன்று, 3k-ஆம் மூலம். அதன் மதிப்பு 2^(1/3), எனவே R = 2^(−1/3).

இங்கே மாணவர்களுக்கு நியாயமான ஓர் ஐயம் எழும். a₁, a₂, a₄, a₅ எல்லாம் பூச்சியமாக இருக்கும்போது |aₙ|^(1/n) என்ற தொடர்வரிசை 0-க்கும் 2^(1/3)-க்கும் இடையே மாறி மாறித் தாவுகிறதே, அதற்கு எல்லையே இல்லையே என்று கேட்பார்கள். எல்லை இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் சூத்திரத்தில் மேல் எல்லை, அதாவது லிம்சப், வைக்கப்பட்டிருக்கிறது. உட்தொடர்வரிசைகள் சென்றடையும் எல்லைகளுள் மிகப் பெரியதே லிம்சப் என்பதால், இடையில் எத்தனை பூச்சியங்கள் வந்தாலும் அவை அதனைக் குறைக்க முடியாது.

பூச்சியங்களைப் புறக்கணிப்பது ஏன் சரி என்பதை நிரூபணத்திலேயே காணலாம். |z| < R எனில், |z|-க்கும் R-க்கும் இடையில் ρ என்ற ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு n-க்குப் பிறகு எல்லா உறுப்புகளுக்கும் |aₙ|^(1/n) < 1/ρ ஆகும். ஆகவே |aₙzⁿ| < (|z|/ρ)ⁿ என்று ஒருங்கும் பெருக்குத் தொடர் ஒன்றின் கீழ் நம் தொடர் அடங்கிவிடுகிறது. பூச்சிய உறுப்புகள் இந்தச் சமனிலியை எந்த முயற்சியும் இன்றி நிறைவு செய்கின்றன. மாறாக |z| > R எனில், முடிவிலா எண்ணிக்கையிலான n-களுக்கு |aₙ|^(1/n) > 1/|z|, அதாவது |aₙzⁿ| > 1. உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிச் செல்லாததால் தொடர் விரிகிறது. இதற்கு எல்லா n-களும் தேவையில்லை, முடிவிலா எண்ணிக்கையில் இருந்தால் போதும்.

அடுக்கு 3k போல நேரியலாக இருந்தால் w = z³ என்று பிரதியிட்டும் விடை காணலாம். அடுக்கு k² ஆகிவிட்டால் அந்த வழி உதவாது. Σ k! z^(k²) என்ற தொடரைப் பாருங்கள். k-ஆம் மூலம் எடுத்தவர் (k!)^(1/k) முடிவிலியை நோக்கிச் செல்வதைக் கண்டு R = 0 என்று எழுதிவிடுவார்; நான்கு விடைகளில் ஒன்றாக அந்தப் பூச்சியமும் கொடுக்கப்பட்டிருந்தால் அவருக்கு ஐயமே வராது. உண்மையில் எடுக்க வேண்டியது k²-ஆம் மூலம். 1 ≤ k! ≤ kᵏ என்பதால்,

1 ≤ (k!)^(1/k²) ≤ k^(1/k)

வலப்பக்கம் 1-ஐ நோக்கிச் செல்கிறது; ஆகவே R = 1. எழுதிய விடையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. R = 0 என்றால் z = 1/2-இல் தொடர் விரிய வேண்டும். ஆனால் அங்கே உறுப்புகள் 1/2, 1/8, 3/256, 3/8192 என்று வேகமாகச் சுருங்குகின்றன. k! எவ்வளவு விரைவாக வளர்ந்தாலும் 2^(k²) அதைவிட மிக விரைவாக வளர்கிறது என்பதை இந்த நான்கு எண்களே காட்டிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சிக் கணக்கு இரண்டு இடைவெளித் தொடர்களைக் கூட்டி அமைத்தது:

Σ 2ᵏz³ᵏ + Σ 3ʲz⁵ʲ⁺¹ (k, j = 1, 2, 3, …)

பாலக்கோட்டிலிருந்து வரும் தம்பி ஒருவர், "அண்ணா, ரெண்டை விட மூணுதானே பெருசு, அப்போ ஆரத்தை முடிவு பண்றது ரெண்டாவது தொடர்தானே?" என்று கேட்டார். மூலத்தின் படியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். முதல் தொடரின் அடுக்குகளில் எல்லை 2^(1/3). இரண்டாவதில் 3^(j/(5j+1)), அடுக்கில் கூடுதலாக இருக்கும் 1 எல்லையில் மறைந்து 3^(1/5) கிடைக்கிறது. இரண்டையும் 15-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் முதலாவது 2⁵ = 32, இரண்டாவது 3³ = 27. எனவே 2^(1/3) தான் பெரியது. கணிப்பான் இல்லாமலே முடிவு தெரிந்துவிடுகிறது.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. n = 6, 21, 36 என 15-இன் இடைவெளியில் இரு தொடர்களின் அடுக்குகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. n = 21-இல் k = 7, j = 4; அங்கே கெழு 128 + 81 = 209. இத்தகைய இடங்களில் கெழு 2^(n/3)-ஐ விடப் பெரியது, ஆனால் அதன் இரு மடங்கைவிடச் சிறியது. ஆகவே அதன் n-ஆம் மூலம் 2^(1/3)-க்கும் 2^(1/n)·2^(1/3)-க்கும் இடையில் அடைபட்டு மீண்டும் 2^(1/3)-க்கே செல்கிறது. பூச்சியம், 3^(1/5), 2^(1/3) ஆகிய மூன்றே எல்லைகள்; அவற்றுள் பெரியதை எடுத்தால் R = 2^(−1/3), ஏறத்தாழ 0.794. விரிவான விடை எழுதும் தேர்வில் இந்த ஒன்றுசேரும் இடங்களைப் பற்றிய இரண்டு வரிகளை விடாமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஆரம் உடைய இரு தொடர்களைக் கூட்டும்போது கெழுக்கள் ஒன்றையொன்று நீக்கி ஆரம் பெரிதாகக்கூடும் என்பதால், இங்கே அவ்வாறு நிகழவில்லை என்று காட்டுவது அவசியமாகிறது.

விகிதச் சோதனையை இத்தகைய தொடர்களின் கெழுக்களில் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. பூச்சியத்தால் வகுக்க நேரிடும். பூச்சியமே இல்லாவிட்டாலும், விகிதத்தின் எல்லை இல்லாத இடத்தில் அதன் லிம்சப்பை வைத்து ஆரம் எழுதுவது தவறு. Σ (3 + (−1)ⁿ)ⁿzⁿ என்பதில் இரட்டை n-க்குக் கெழு 4ⁿ, ஒற்றை n-க்கு 2ⁿ. ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போகும் விகிதம் 4ⁿ⁺¹/2ⁿ முடிவிலிக்குச் செல்வதால் R = 0 போலத் தோன்றும். n-ஆம் மூலங்களோ 4, 2 என்ற இரண்டு மதிப்புகள் மட்டுமே; லிம்சப் 4, R = 1/4.

|z| = R என்ற வட்டத்தின் மீது என்ன நடக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் சொல்வதில்லை; அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். Σ z^(k!) என்ற தொடருக்கு R = 1; வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் உறுப்புகளின் மட்டு மதிப்பு 1 ஆகவே இருப்பதால் அங்கே எங்கும் தொடர் ஒருங்காது.