ஸ்கோப்புக்குக் காத்திருக்கும்போது சுகர்

எங்கள் எண்டோஸ்கோபி பிரிவில் காலைப் பட்டியலில் முதல் பெயராக சர்க்கரை நோயாளியைப் போடுவது வழக்கம். பட்டினி நேரம் குறையும் என்பதுதான் காரணம். ஆனால் இரவில் ரத்த வாந்தியோடு யாராவது வந்துவிட்டால் அந்த வரிசை கலைந்துவிடும். 10 மணிக்கு என்று சொல்லி வரவழைத்தவர் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். நர்ஸ்களாகிய எங்களுக்கு உண்மையான வேலை அந்தக் காத்திருப்பில்தான்.

அன்று வந்தவருக்கு 64 வயது. பெருங்குடல் ஸ்கோப். காலையும் இரவும் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, கூடவே காலையில் டாபாகிளிஃப்ளோசின். தேதி கொடுக்கும்போதே மாத்திரை அட்டைகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வோம். கேட்டால் "சுகர் மாத்திரை, வெள்ளை கலர்" என்றுதான் பதில் வரும். போட்டோவைப் பார்த்து டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை. சாப்பிடாமல் இருக்கும்போது அது உடம்பில் இருந்தால் கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை வரலாம். மீட்டர் 150 என்றுதான் காட்டும், ஆளுக்கோ குமட்டலும் வேகமான மூச்சும் இருக்கும். அந்த நிலைமையை விரல் குத்திச் சுகர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கீட்டோன் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

கிளிமெபிரைடு வேறு மாதிரி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், அதன் வேலை ஒரு நாள் வரைகூட நீளும். ஸ்கோப் அன்று காலை போட வேண்டாம் என்று சீட்டில் எழுதியிருந்தது. முந்தின இரவு பற்றி எதுவும் எழுதவில்லை. அதனால் மகன் வழக்கம்போல எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டார். சீட்டில் இல்லாததை அவர் எப்படி ஊகிப்பார்?

காலை ஏழரைக்கு சுகர் 118. பயிற்சிக்கு வந்திருந்த பெண் "நார்மல்" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகப் பார்த்தாள். நான் நிறுத்தி, "கடைசியா எப்ப சாப்பிட்டாங்க, என்ன மாத்திரை உள்ளே இருக்கு, எத்தனை மணிக்கு ஸ்கோப்? இதையும் எழுதும்மா" என்றேன். முந்தின நாள் ஒரு மணிக்குத் தயிர் சாதம். இரவு எட்டுக்கு வடிகட்டிய கஞ்சி. அதன் பிறகு பேதி மருந்துக் கரைசலும் தண்ணீரும் மட்டும். அந்தக் கரைசல் எலுமிச்சை வாசனையோடு இனிக்கும், அதனால் சர்க்கரை போகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம்பக்கூடிய அளவு சர்க்கரை அதில் கிடையாது. ஆக, 118 என்பது ஏறக்குறைய 12 மணி நேரமாக மாவுச்சத்து எதுவும் போகாத, இரவு மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற உடம்பின் 118. சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு அதே எண் வந்தால் அதன் கதை வேறு.

பட்டினியில் இருப்பவருக்கு 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது பொது விதி. கிளிமெபிரைடோ இன்சுலினோ உள்ளே இருந்தால் நான் 2 மணி நேரத்துக்கு மேல் விடமாட்டேன், எண் இறங்கினால் அதற்கும் முன்பே பார்ப்பேன். ஒன்பதரைக்கு 92. பதினொன்றுக்கு 78. தாழ்வு என்று சொல்ல 70-க்குக் கீழே போக வேண்டும், அதனால் விதிப்படி இன்னும் தாழ்வு இல்லை. ஆனால் 118, 92, 78 என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் அடுத்து எங்கே போகும் என்று தெரிகிறது. அவர் ரத்தக் கொதிப்புக்கு மெட்டோப்ரோலால் வேறு சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் கைநடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது. அதனால் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன். லேசாக ஈரம்.

மயக்க மருந்து டாக்டரிடம் மூன்று எண்களையும் சொன்னேன். உள்ளே முந்தின கேஸ் முடியவே நேரமாகும், ஒன்றரைக்கு முன்னால் இவர் உள்ளே போக வழியில்லை என்றார். தெளிவான திரவத்துக்கு 2 மணி நேர இடைவெளி போதும் என்பதால் வாய் வழியாகக் கொடுக்கலாம். நேரம் அதைவிட நெருங்கியிருந்தால் ரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல்தான். "வாயில் பச்சைத் தண்ணி படக்கூடாது" என்ற பழைய பழக்கத்தில் இந்தக் கணக்கையே போடாமல் விட்டுவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

குளுக்கோஸ் பொடி 3 டீஸ்பூன் நிறைய, ஏறக்குறைய 15 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 97. இங்கேதான் பலர் ஓய்ந்துவிடுவார்கள். குடித்த குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. அதனால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பை மணிக்கு 100 மில்லி வீதம் போடச் சொன்னார் டாக்டர். அதாவது மணிக்கு 5 கிராம் சர்க்கரை. எண்ணை ஏற்றுவதற்கு இல்லை, மேலும் இறங்காமல் பிடித்து வைக்க. இலக்கு 100-க்கும் 180-க்கும் நடுவே.

பன்னிரண்டரைக்குப் பயிற்சிப் பெண் ஓடி வந்தாள். "சிஸ்டர், 243!" இன்சுலின் போடச் சொல்வார்களோ என்று அவளுக்குப் பயம். ஒரு மணி நேரத்தில் 5 கிராம் சர்க்கரை போய் இப்படி ஏறாது. போய்ப் பார்த்தால் டிரிப் இடது கையில், குத்தியதும் இடது கை விரல். அதற்கு மேல், டம்ளரைப் பிடித்த விரல்களைக் கழுவவே இல்லை. இரண்டில் எது காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்த்தோம். 121. அந்த 243-ஐ நம்பி இன்சுலின் போட்டிருந்தால் மயக்க மருந்துக்குள் போகும் நேரத்தில் சுகர் சரிந்திருக்கும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும், ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாலும் எண் தப்பாக வரும். ஆளோடு ஒத்துப்போகாத எண் வந்தால் மருந்து தொடும் முன் இன்னொரு கையில் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மயக்கம் கொடுத்த பிறகு நோயாளியால் எதையும் சொல்ல முடியாது. ஸ்கோப் முடிந்து அரைத்தூக்கத்தில் குழறினால் மருந்தின் மிச்சம் என்று விட்டுவிடத் தோன்றும். சுகர் இறங்கினாலும் அப்படித்தான் குழறும். அதனால் உள்ளே போகும் முன் ஒன்று, வெளியே வந்ததும் ஒன்று என்று பார்ப்போம். இவருக்கு வெளியே வந்ததும் 116.

மூன்று மணிக்கு இட்லி சாப்பிட்டார். டிரிப்பை அதன் பிறகே எடுத்தோம். அன்று இரவு கிளிமெபிரைடு வேண்டாம், படுக்கும் முன் வீட்டு மீட்டரில் ஒரு தடவை பார்க்க வேண்டும், 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மகனிடம் எழுதிக் கொடுத்தேன். டாபாகிளிஃப்ளோசினை வழக்கம்போல ஓரிரு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகே திரும்பத் தொடங்க வேண்டும். எங்கள் சீட்டிலும் இப்போது "முந்தின இரவு மாத்திரை" என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. டாக்டர் அதை நிரப்பாமல் நாங்கள் யாரையும் பேதி மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை.