ப்ரோக்கோலித் தண்டு வழிக்கு வந்துவிட்டது, பூதான் மஞ்சளாகிக்கொண்டே இருக்கிறது

ப்ரோக்கோலித் தண்டில் நார் சிக்காத கூட்டு இந்த வாரம் ஒருவழியாக வந்துவிட்டது. இதுவரை செய்ததெல்லாம் முருங்கைக்காய் மாதிரி மென்று சக்கையைத் தட்டோரம் வைக்கிற ரகம். இப்போது சாதத்தோடு பிசைந்து சாப்பிட்டவர்கள் "இது என்ன காய், சௌசௌவா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாம் தோல் சீவுகிற இடத்தில்தான் இருக்கிறது. பீலரை நம்பவே கூடாது. பீலர் எடுப்பது மேலே இருக்கும் பச்சைத் தோலை மட்டும்தான், நார் அதற்கு அடியில் இருக்கிறது. தண்டின் அடிப்பக்கத்தைப் புதிதாக ஒரு வட்டம் வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே கரும்பச்சை, அடுத்து ஒரு வெளிர் பட்டை, அப்புறம் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்த ஒரு வளையம், அதற்குள்ளே கண்ணாடித் தன்மையோடு ஈரமான வெளிர்பச்சைச் சதை. அந்த வெள்ளை வளையம்தான் வில்லன். தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்களும் தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் நாரும் அங்கேதான் இருக்கின்றன. எத்தனை விசில் விட்டாலும் அது மசியாது, சுற்றியிருக்கும் சதைதான் குழைந்துபோகும். ஆகவே வளையத்துக்கு உள்பக்கமாகக் கத்தி போக வேண்டும்.

நான் இப்போது செய்வது இப்படி. அடியில் கத்தி நறநறவென்று போகிற பகுதியை முதலில் வெட்டித் தள்ளிவிடுகிறேன். சத்தம் நின்று கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் இடம்தான் ஆரம்பம். சின்னக் கத்தியின் நுனியை வெட்டுமுகத்தில் வளையத்தின் உள்விளிம்பில் கொஞ்சம் இறக்கி, தோலைக் கத்திக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்துப் பூ இருக்கும் திசையில் இழுக்கிறேன். நீள நீளப் பட்டையாக உரிந்து வரும். அடியிலிருந்து மேலே இழுப்பதுதான் முக்கியம். நார் அடியில் தடித்தும் பூவை நெருங்க நெருங்க மெலிந்தும் இருப்பதால், இந்தத் திசையில் இழுத்தால் பட்டை தானாகவே முடிந்துவிடும். மேலிருந்து ஆரம்பித்தால் பாதியிலேயே அறுந்து, கீழே இருக்கும் முரட்டு நார் அப்படியே தங்கிவிடும். பூவை ஒட்டிய கடைசி இரண்டு விரல்கடையையும் கிளைகளையும் உரிக்கவே தேவையில்லை.

சரியாக உரிந்ததா என்று பார்க்க, அடிப்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய வில்லை நறுக்கிப் பச்சையாகவே மெல்லலாம். இனிப்பாக, நொறுக்கென்று, வாயில் எதுவும் மிஞ்சாமல் போனால் சரி. மிஞ்சினால் இன்னொரு சுற்று. அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நூக்கலுக்குச் செய்யறதுதானே, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று அரிவாள்மணையில் உட்கார்ந்து அரை நிமிடத்தில் ஒரு தண்டை முடித்துவிட்டார். அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. நூக்கல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி எல்லாமே ஒரே தாவர இனம்தான். நூக்கலில் நாம் சாப்பிடுவதும் உருண்டு பருத்த தண்டைத்தான். நூக்கல் போகிற எந்தக் குழம்பிலும் இந்தத் தண்டு போகும்.

சில தண்டுகளில் நடுவே ஓட்டை இருக்கும். வேகமாக வளர்ந்த செடியிலும் போரான் சத்து குறைந்த மண்ணிலும் அப்படி ஆகும். ஓட்டையின் உள்சுவர் வெள்ளையாக இருந்தால் சமைக்கலாம். பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் அந்தப் பகுதியைத் தள்ளிவிடுகிறேன்.

கூட்டுக்கு உரித்த தண்டு 200 கிராம், பாசிப்பருப்பு கால் டம்ளர். பருப்பைத் தனியே மலர வேகவைத்து, தண்டை அரை அங்குலத் துண்டுகளாக்கி, உப்பு மஞ்சளோடு திறந்த பாத்திரத்தில் ஏழெட்டு நிமிடம் வேகவிட்டால் போதும். குக்கர் வேண்டாம். இந்தக் குடும்பத்துக் காய்களை நேரம் போக மூடி வேகவைத்தால் கந்தக வாடை எழும்பி வீடு முழுக்கச் சுற்றும். அரைத்துவிட தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய். மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலிஃபிளவர் இலை இவ்வளவு பாடு படுத்துவதில்லை. பஞ்சாப் பக்கம் இலைக்காம்பை இஞ்சி போட்டுத் தனிக் காயாகவே சமைக்கிறார்கள். நம் ஊரில்தான் கடைக்காரரே ஒடித்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார். வெளிப்பக்கத்து முரட்டு இலைகளை நானும் எடுப்பதில்லை. மருந்து அதிகம் படுவது அவற்றில்தான், கசப்பும் கூட. பூவை ஒட்டி உள்ளே சுருண்டிருக்கும் வெளிர் இலைகள்தான் வேண்டும். இலை மேல் மெழுகுபோல் ஒரு படலம் இருப்பதால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், கழுவினது போலவே இருக்காது. உப்பும் மஞ்சளும் கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமுக்கி வைத்து, அப்புறம் ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்க நரம்பு ஓரங்களை விரலால் தேய்க்க வேண்டும். அசுவினியும் குட்டிப் பச்சைப் புழுவும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

நடு நரம்பையும் இலையையும் பிரித்துவிடுங்கள். நரம்பைக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினால் நார் தானாகவே துண்டாகிவிடும், நீளவாக்கில் நறுக்கினால் வாயில் இழுபடும். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, நரம்பை முதலில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம். அப்புறம் இலை, மூன்று நிமிடம், கடைசியில் தேங்காய். இலையில் லேசாக ஒரு கடுகுக் காரம் இருக்கும். கடுகும் இந்தக் குடும்பம்தான் என்பதால் தாளிப்போடு அது நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது.

சரி, இப்போது புலம்பல். தண்டை இவ்வளவு ஒழுங்காகச் சமைக்கிற வீட்டில் பூ மஞ்சளாகிவிடுகிறது. வாங்கும்போது நீலம் கலந்த கரும்பச்சை. இரண்டு மூன்று நாளில் மேலே எலுமிச்சை நிறம் தட்டுகிறது, தொட்டால் பொடியாக உதிர்கிறது.

காரணத்தைப் படித்த பிறகு பூ மேல் கோபம் போய்விட்டது. நாம் பூ என்று சொல்வது விரியாத மொட்டுகளின் கூட்டம். அந்தப் பச்சை, ஒவ்வொரு மொட்டையும் மூடியிருக்கும் புல்லி இதழ்களில் உள்ள பச்சையம். வளர்ந்துகொண்டே இருக்கும்போது வெட்டுகிறார்கள். செடியிலிருந்து வரும் உணவு நின்றுபோகிறது, மொட்டின் வேகம் மட்டும் குறைவதில்லை. கையிருப்புச் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே பெருமளவு செலவழித்துவிட்டு, அடுத்துத் தன் புரதத்தையும் பச்சையத்தையும் உடைக்க ஆரம்பிக்கிறது. பச்சை போனதும் அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. இன்னும் விட்டால் மொட்டு விரிந்து நாலு இதழ் மஞ்சள் பூவே எட்டிப் பார்க்கும். அந்த நிலையில் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. கொழகொழப்பும் துர்நாற்றமும் இல்லாவிட்டால் சாப்பிடலாம், ஆனால் இனிப்பு போய்க் கசப்பு ஏறியிருக்கும். காலிஃபிளவரின் வெள்ளைப் பகுதி மொட்டாகவே உருவாகாத நிலை, அதில் இழக்கப் பச்சையமும் கிடையாது. அதனால்தான் பக்கத்திலேயே வைத்தாலும் அது இப்படி மஞ்சளாவதில்லை.

ஒன்று கவனியுங்கள். சில பூக்களில் ஒரு பக்கம் மட்டும் வாங்கும்போதே வெளிர்மஞ்சளாக இருக்கும், மொட்டுகள் இறுகியே இருக்கும். அது தோட்டத்தில் இலை மறைத்து வெயில் படாத இடம். அதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம்.

வேகத்தைத் தீர்மானிப்பது குளிர்ச்சி. 0 டிகிரியில் ப்ரோக்கோலி மூன்று நான்கு வாரம் தாங்கும், 5 டிகிரியில் இரண்டு வாரம், 10 டிகிரியில் ஐந்து நாள்தான். என் ஃப்ரிட்ஜின் காய்கறி டிராயரில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை ராத்திரி முழுக்கப் போட்டுவைத்துப் பார்த்தேன். 9 டிகிரி! கீழ்த்தட்டின் பின்சுவர் ஓரம் 4. காய்கறிக்கென்றே இருக்கிற டிராயர்தான் இந்தக் காய்க்கு ஆகாத இடம்.

அடுத்த எதிரி எத்திலீன் வாயு. ஆப்பிள், கொய்யா, சப்போட்டா, பழுத்த தக்காளி எல்லாம் அதை விட்டுக்கொண்டே இருக்கும், மொட்டுகள் அதை முதுமைக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளும். ஒரே பூவை மூன்றாகப் பிளந்து வைத்துப் பார்த்தேன். டிராயரில் ஆப்பிளோடு இருந்தது முதலில் மஞ்சளானது. டிராயரில் தனியாக இருந்தது அதற்கு அடுத்து. பின்சுவர் ஓரம், ஓட்டை போட்ட பையில் ஈரத்துணி சுற்றி வைத்தது வாரம் தாண்டியும் பச்சை. பையில் ஓட்டை அவசியம். இறுக்கிக் கட்டினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பிரித்ததும் முகத்தைச் சுளிக்க வைக்கும் கந்தக நாற்றம் வரும். தண்டையும் பூவையும் பிரிக்காமல் முழுசாகவே வைக்கிறேன். தண்டு அவசரப்படாது, ஆனால் ஈரம் போனால் ரப்பராகிவிடும், அப்போது உரிக்கவும் வராது.

இவ்வளவு செய்தும், கடையிலேயே பாதி வயதைக் கழித்துவிட்டு வரும் பூவை என்ன செய்வது? கோயம்புத்தூரில் எங்களுக்கு வருவது நீலகிரியின் சைனீஸ் காய்கறிகளோடு இறங்கும் சரக்கு. மலையில் குளிரில் இருந்தது, இங்கே வந்து ஒரு கடையில் பிளாஸ்டிக் சுற்றி ஆப்பிள் கூடைக்குப் பக்கத்தில் வெளியிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். 20 டிகிரியில் அது மூச்சுவிடும் வேகம் 0 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். சொல்லிப் பார்த்தேன், "ஃபிரெஷ்தாங்க, காலைல வந்தது" என்கிறார். இப்போது தள்ளுவண்டிக்காரரிடம் மூட்டை பிரிக்கும் நேரத்துக்குப் போய் வாங்குகிறேன். வெட்டுமுகம் காயாமல் பிளக்காமல் இருக்கிறதா என்று தண்டைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். அவருக்கு அது வேடிக்கை.

அடுத்து வெந்நீர் வைத்தியம். 50 டிகிரி நீரில் 2 நிமிடம் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் வடித்து வைத்தால் மஞ்சளாவது தள்ளிப்போகும் என்பது ஆய்வுகளில் கண்ட முறை. இரண்டு டிகிரி கூடினாலே பூ வெந்து வாடை வந்துவிடும் என்பதால் குண்டானில் சூட்டை நிறுத்துவதுதான் பாடாக இருக்கிறது. முக்கியதும் 50 என்பது 46-க்கு இறங்கிவிடுகிறது. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் காலிஃபிளவர் நரம்புகளை உப்பு மோரில் ஊறவைத்து வற்றல் போடும் ஆசையும் வந்து, ஒரு தட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. நீளமாக விட்டதெல்லாம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கிறது, வில்லையாக நறுக்கியது மட்டும் சலசலக்கிறது. வற்றல் போட்டுப் பழகியவர்கள் யாராவது நரம்பை நடுவே கீறிவிட்டுக் காயவைத்திருந்தால் சொல்லுங்கள், நாளைக்கு அடுத்த தட்டு போடப்போகிறேன்.