கமிஷன் ஜனவரியில், விற்பனை தீபாவளியில்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று பல கடைகளுக்கு ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் வேலை. அநேகக் கடைகளுக்கு ஆண்டு முடிவு டிசம்பர் 31. ஆனால் அன்றைக்குக் கணக்கு முடிந்துவிடாது. காசு எப்போது கைமாறியது என்று பார்க்காமல், செலவு எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டில் கொண்டுபோய் வைக்கும் சரிக்கட்டுப் பதிவுகள் என்று ஒரு வேலை பாக்கி இருக்கும். ஜனவரி, பிப்ரவரி முழுக்க அதிலேயே போய்விடும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வசதியானது ஒரு ஜவுளிக்கடையின் 2024ஆம் ஆண்டுக் கணக்குதான். கடைக் கிராணி ஒழுங்கான ஆள். ஒரு ரசீது விடாமல் ஏற்றியிருந்தார். சரிக்கட்டும் முன்பு லாபம் 48,000 ரிங்கிட் என்று காட்டியது.

முதலில் தீக்காப்புறுதியை எடுத்தேன். பிரீமியம் 7,200 ரிங்கிட், செப்டம்பர் கடைசியில் கட்டியது, அப்படியே செலவில் ஏறியிருந்தது. பணம் கட்டிய தேதியை வைத்துப் பிரிக்கக் கூடாது, பாலிசியில் காப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இதில் அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரை. மாதத்துக்கு 600. டிசம்பர் முடிவில் மூன்று மாதக் காப்பைக் கடை அனுபவித்துவிட்டது, ஒன்பது மாதம் இன்னும் கையில் இருக்கிறது. அந்த ஒன்பது மாதத்துக்கான 5,400 ரிங்கிட் செலவு இல்லை, முன்கூட்டிச் செலுத்தியது. அது சொத்துப் பக்கம் போக வேண்டும்.

இங்கே பலர் 5,400ஐ அப்படியே லாபத்தில் கூட்டிவிடுவார்கள். போன ஆண்டும் இதே வேலை நடந்திருக்கிறதே! அப்போது பிரீமியம் 4,800. அதில் ஒன்பது மாதப் பங்கு 3,600 போன டிசம்பரிலேயே சொத்தில் வைக்கப்பட்டு, யாரும் தொடாமல் அங்கேயே கிடந்தது. அந்தக் காப்பு 2024 செப்டம்பரோடு தீர்ந்துபோனது, ஆகவே அந்த 3,600 இந்த ஆண்டுச் செலவு. சொத்தில் 3,600 இருக்கிறது, இருக்க வேண்டியது 5,400. லாபத்தில் ஏறுவது 1,800 மட்டும். பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஒரே தொகையாக இருந்தால் சரிக்கட்டினாலும் கட்டாவிட்டாலும் லாபம் மாறாது. அதனால்தான் சில கடைகளில் ரொம்ப நாளாக இதைச் செய்யாமலே ஓட்டுகிறார்கள், ஒன்றும் தெரிவதில்லை. சரக்கு மதிப்பை உயர்த்தி, பிரீமியம் கூடிய ஆண்டில்தான் தெரியவரும்.

கரண்டு பில் சின்னத் தொகைதான், ஆனால் தப்பு எளிதாக நுழையும் இடம். தெனாகா பில் மாத முதல் தேதியில் தொடங்கி மாதக் கடைசியில் முடியும் என்று யார் சொன்னது? இந்தக் கடைக்கு வந்த பில் டிசம்பர் 18 முதல் ஜனவரி 17 வரை, 31 நாளுக்கு 1,860 ரிங்கிட். அதில் டிசம்பருக்கு உரியது 14 நாள், 840 ரிங்கிட். இது கொடுபட வேண்டிய செலவு. போன டிசம்பரில் இப்படி வைத்த 770ஐ எடுத்துவிட்டால் லாபத்தில் குறைவது 70 வெள்ளி. இவ்வளவுக்கா என்று கேட்கலாம். நான் தொகைக்காகப் பார்ப்பதில்லை. லெட்ஜரைத் திறந்து பில்களை எண்ணிப் பார்ப்பேன். வாடகை பன்னிரண்டு, தொலைபேசி பன்னிரண்டு, கரண்டு பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்று இருந்தால் ஒன்று மேசை இழுப்பறையில் தூங்குகிறது. பதின்மூன்று இருந்தால் போன டிசம்பரில் வைத்த பதிவை யாரோ எதிர்ப்பதிவு போட்டுத் திருப்பவில்லை. கடை வாடகை டெபாசிட்டும் சில சமயம் இந்த முன்கூட்டிய கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். அது மாதாமாதம் கரையாது, கடையைக் காலி செய்யும்போது திரும்பி வரும். அதைத் தனியே வைக்க வேண்டும்.

அப்புறம் கமிஷன். விஷயமே இதில்தான்.

அந்த ஆண்டு முதலாளி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்திருந்தார். எட்டு விற்பனையாளர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிஷன், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் பட்டுவாடா. ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் கொடுத்தது எல்லாம் ஏறியிருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கமிஷன் ஜனவரியில் கொடுத்தது, ஆகவே 2024 கணக்கில் இல்லை. ஜவுளிக்கடைக்கு அந்தக் காலாண்டுதான் தீபாவளிக் காலாண்டு. தொகை 12,000 ரிங்கிட். கமிஷனுக்கு ஊழியர் சேமநிதியும் உண்டு (ஓவர்டைமுக்குக் கிடையாது, இதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள்). மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. கமிஷன் சேர்த்தும் யாரும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. அது ஒரு 1,560. சொக்சோவின் சில்லறையை இங்கே விட்டுவிடுகிறேன். மொத்தம் 13,560.

மூன்றையும் சேர்த்தால் 48,000 என்று நின்ற லாபம் 36,170க்கு வந்தது.

முதலாளி பட்டர்வொர்த்தில் இன்னொரு கடை திறக்க வங்கிக் கடன் கேட்டிருந்த நேரம். காப்புறுதிப் பதிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கமிஷன் வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, காசு ஜனவரியிலதானே கொடுத்தோம்? 2025ல போடுங்க.”

“அண்ணே, அந்தச் சேலை எப்ப வித்துச்சு?”

“தீபாவளிக்கு.”

“வித்த காசை 2024ல எழுதியிருக்கோம். வித்துக் கொடுத்தவங்களுக்கு உள்ளதை மட்டும் எப்படி அடுத்த வருஷத்துக்குத் தள்றது?”

“யாருக்குத் தெரியப்போகுது?”

இது எனக்குப் புதிய கேள்வி இல்லை. தணிக்கையாளர் டிசம்பர் ஆவணங்களோடு நிறுத்துவதில்லை, ஜனவரி, பிப்ரவரி வங்கி அறிக்கையையும் கேட்டு வாங்கி, பெரிய தொகைகளுக்கு நேரே அந்த வேலை எப்போது நடந்தது என்று பார்ப்பார். எட்டுப் பேருக்கு ஒரே நாளில் போன பணம் அங்கே பளிச்சென்று நிற்கும். அதோடு, கமிஷன் லெட்ஜரில் மூன்று காலாண்டுதான் இருக்கிறது, அதிலும் விற்பனை ஏறிய காலாண்டு காணவில்லை. விற்பனைக்குக் கமிஷன் எத்தனை விழுக்காடு என்று ஒரு வகுத்தல் போட்டாலே விகிதம் குறைந்து நிற்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். இப்போது தள்ளினால், 2025க்கு ஐந்து காலாண்டுக் கமிஷன் விழும், இல்லையென்றால் அந்த டிசம்பரிலும் தள்ள வேண்டும், அதற்கு அடுத்ததிலும். காப்புறுதியில் காசு கட்டிய நாளைப் பார்க்காமல் காப்புக் காலத்தைப் பார்த்துத்தான் அவருக்கு 1,800 கூடியது. அதே விதியைக் கமிஷனுக்கு வைத்தால் 13,560 குறைகிறது. கூடுவதற்கு ஒரு விதி, குறைவதற்கு ஒரு விதி என்று எழுத முடியாது. லாபத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் முதலாளிகளும் உண்டு. அவர்கள் வரிக்குப் பயந்து, அடுத்த ஆண்டு போனஸ், ஒருவேளை வரக்கூடிய ரிப்பேர் எல்லாவற்றையும் கொடுபட வேண்டியதில் சேர்க்கச் சொல்வார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். டிசம்பர் 31க்குள் வேலை நடந்திருக்க வேண்டும், அதற்கான கடப்பாடு வந்திருக்க வேண்டும்.

அவர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார். வங்கிக்கு 36,170தான் போனது. கூடவே கமிஷன் திட்டம் எப்படி என்று ஒரு பக்கக் குறிப்பும் வைத்தோம், அது என் யோசனை.

எங்களைப் போலப் பிப்ரவரியில் முடிப்பவர்களுக்கு ஒரு வசதி, உண்மையான பில் கைக்கு வந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு அது கிடையாது. வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு மாதம் முடிந்த சில நாட்களில் கணக்கு போயாக வேண்டும், நவம்பர் பில்லை வைத்து டிசம்பரை மதிப்பிடுவார்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் அடுத்த மாதத்தில் சரிசெய்துகொள்வார்கள்.

மிச்சம் இருந்தது ஜனவரி 1 தேதியிட்டுப் போட வேண்டிய பதிவுகள். கமிஷனையும் கரண்டையும் திருப்பிப் போட்டேன், அப்போதுதான் ஜனவரியில் பணம் கொடுத்த பதிவு இரண்டாம் முறை செலவாக நிற்காது. காப்புறுதியை அப்படித் திருப்பவில்லை. மாதம் 600 வீதம் செப்டம்பர் வரை செலவுக்கு மாறும்படி கிராணியிடம் ஒரு அட்டவணை கொடுத்தேன், இந்த முறை சொத்தில் ஆண்டு முழுக்கக் கிடக்காமல் இருக்க. முதலாளி அந்த ஏப்ரலிலிருந்து கமிஷனை மாதாமாதம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், இனி டிசம்பரில் தள்ளிப்போக ஒரு மாதத்துத் தொகைதான் இருக்கும்.