சாப்பாட்டு மேசையில் நடந்த என் நேர்முகப் பரீட்சை

விதை நெல் உற்பத்தித் திட்டம் ஒன்றில் வெளிக்கள இணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அலுவலகத்திலிருந்து அழைத்தவர், “வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கிளிநொச்சிக்கு வாங்கோ. ஹோட்டலில சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம்” என்றார். கேட்க நட்பான அழைப்புப் போல இருந்தாலும் அது முழு நேர்முகப் பரீட்சைதான். காலையில் கமக்காரர் அமைப்போடும் பின்னேரம் கொழும்பிலிருந்து வருபவர்களோடும் இருந்து கதைக்க வேண்டிய வேலை அது. ஆட்களோடு எப்படிப் பழகுகிறோம் என்பதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பார்கள்.

நான் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடுவதில்லை. அதைத் தொலைபேசியிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவென்றாலும் முன்கூட்டியே சொல்வதுதான் சுகம். மேசையில் வைத்துச் சொன்னால் விரதம், கோயில், வீட்டுப் பழக்கம் என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

பரந்தன் பக்கமிருந்து வரும் பஸ் மத்தியானத்தில் பிந்தும் என்பதால் முந்திய பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். கைத்தொலைபேசியை மௌனமாக்கிப் பைக்குள் போட்டேன். சான்றிதழ் கோப்பைக் கதிரைக்கு அருகில் கீழே வைத்தேன். மேசையில் வைத்தால் தட்டுகள் வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும், கறியும் படும்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர், தமிழ் கதைக்கக்கூடிய பெண். மற்றவர் இங்கத்தைய மாவட்டப் பொறுப்பாளர், வயதில் மூத்தவர். மெனுவை முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். “நீங்கள் என்ன எடுக்கப் போறீங்கள், மேடம்?” என்று கேட்டேன். அவர் சோறும் கறியும் என்றார். அழைத்தவர் எடுக்கும் விலைக்குக் கிட்டவாக நாமும் எடுக்கலாம், அதற்கு மேலே போகக் கூடாது. அவரைக் கேட்டால் அந்த அளவு தெரிந்துவிடும்.

பொறுப்பாளர் சேர், “இஞ்சத்தைய நண்டுக் கறி நல்லா இருக்கும்” என்றார். வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டாலும் நான் அதை எடுத்திருக்க மாட்டேன். நண்டுக்கு இரண்டு கையும் வேண்டும், கடித்து உறிஞ்ச வேண்டும், சட்டையில் தெறிக்கும். முள்மீனும் எலும்புக் கோழியும் அப்படித்தான். வாயில் முள்ளை வைத்துக்கொண்டு யாரால் மறுமொழி சொல்ல முடியும்?

நான் மரக்கறி பிரைட் ரைஸ் எடுத்தேன். கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிடலாம் என்பதுதான் காரணம். சோறும் கறியும் எடுத்தால் கையால்தான் சாப்பிடத் தோன்றும். அதில் குறை ஒன்றுமில்லை. கையைக் கழுவிவிட்டு, விரல் நுனியால் அளவாகக் குழைத்து, இடக்கையை அகப்பைக்கும் தண்ணீர்க் குவளைக்கும் சுத்தமாக வைத்திருந்தால் அது மிக அழகான சாப்பாடு. மேடமே அப்படித்தான் சாப்பிட்டார். ஆனால் கேட்கப்படுபவரின் வலக்கை வேலை செய்யும் கை. நடுவில் சேர் வயல் வரைபடம் ஒன்றை எடுத்து நீட்டினார். என் கை சுத்தமாக இருந்தபடியால் வாங்கி விரித்துப் பார்த்து, விரலால் காட்டிக் கதைக்க முடிந்தது.

கரண்டி வலக்கையில், முள்ளுக்கரண்டி இடக்கையில். முள்ளுக்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குள் தள்ள வேண்டும். வாய் கொள்ளும் அளவில் பாதிதான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். எந்த நேரத்திலும் கேள்வி வரும், சின்ன வாய் என்றால் உடனே விழுங்கலாம். மென்றுகொண்டிருக்கும்போது கேட்டால் அவசரப்படாமல் தலையசைத்து, விழுங்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம். அந்த இரண்டு விநாடியில் யோசிக்கவும் முடியும். கதைக்கும்போது கரண்டியைத் தட்டில் வைத்துவிடுங்கள், காற்றில் ஆட்டாதீர்கள்.

இனி, வன்னியில் உண்மையாகவே கடினமான பகுதிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சாப்பிட இருந்தால் “எவடம்?” என்றுதான் கதை தொடங்கும். அடுத்தது சொந்தக்காரர், அதற்கடுத்தது யுத்தம். சேர் அன்பாகத்தான் கேட்டார்: “பிள்ளை, கடைசி நேரம் உள்ளுக்கையோ நிண்டனீங்கள்?”

அந்தக் கேள்விக்கு உண்மையான மறுமொழி ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் அடங்காது. மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. “ஓம் சேர், குடும்பத்தோட நிண்டனாங்கள். பிறகு மெனிக்பாம் முகாம். 2010இல திரும்பி வந்து எங்கட வயலைத் துப்புரவாக்கி விதைக்கேக்க விதை நெல்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கிடைச்சதெல்லாம் கலப்பு. அதாலதான் இந்த வேலையில எனக்கு அக்கறை” என்றேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அதே மூச்சில் வேலைக்குக் கொண்டுவந்தேன். யார் இறந்தார்கள், எங்கே காயம் என்று நான் தொடங்கியிருந்தால் மூவருமே சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதிருப்போம். அந்தக் கதைக்குரிய இடம் வேறு.

மேடம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். “கலப்பு எங்கிருந்து வருகுது?” அதுதான் பரீட்சையின் நடுக்கேள்வி. அறுவடை இயந்திரம் முந்திய வயலில் வெட்டிய நெல்லைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும், எனவே விதை வயலுக்குள் இறக்கும் முன் அதைத் துப்புரவாக்குவதை நின்று பார்க்க வேண்டும் என்றேன். போன போகத்தில் சிந்திய ஆட்டக்காரி நெல் இந்தப் போகத்து வெள்ளை நெல்லுக்குள் முளைக்கும், கதிர் வரும் நேரத்தில் வரிசையாக நடந்து பிடுங்க வேண்டும் என்றும் சொன்னேன். மூன்று வாய் சோறு ஆறிப்போனது. ஆறட்டும். நல்ல கேள்வி வரும்போது தட்டைப் பார்க்கக் கூடாது.

பிறகு சேர், “கலியாணம் பேசுகினமோ? இருட்டினாப் பிறகு திரும்பி வர வீட்டில விடுவினமோ?” என்று கேட்டார். முதல் பாதியைச் சிரிப்போடு விட்டேன். இரண்டாவதில் வேலைக்குரிய விஷயம் இருந்தது. “ஸ்கூட்டி இருக்கு சேர். தூரக் கிராமங்களைக் காலையில வைச்சால் இருட்ட முதல் திரும்பலாம். அறுவடை நேரம் பிந்தும் எண்டால் அங்கயே தங்க ஒழுங்கு செய்வன்” என்றேன். சொந்தக் கேள்விக்குள் வேலை சம்பந்தமான துண்டு இருந்தால் அதை மட்டும் எடுத்து மறுமொழி சொல்லலாம். கேட்டவருக்கும் முகம் சுருங்காது.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்று உபசரிப்பார்கள். “போதும் சேர், நல்ல சாப்பாடு” என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் போதும். முடிந்ததும் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், பரிமாறும் தம்பி கேட்காமலே எடுத்துப் போனார். ஒவ்வொரு முறையும் அவருக்கு நன்றி சொன்னேன். மேடம் அதைக் கவனித்ததை நானும் கண்டேன். மிச்சத்தைப் பார்சல் கேட்கவில்லை. பில்லுக்குக் கை நீட்டவுமில்லை, அழைத்தவர்தான் கட்ட வேண்டும்.

சம்பளக் கதையை நான் எடுக்கவில்லை. தேநீர் வந்த பிறகு மேடமே கேட்டார். இந்த மாவட்டத்தில் இதே மாதிரி வேலைக்குக் கொடுப்பதை விசாரித்து வைத்திருந்தேன், அதைச் சொல்லி, எரிபொருள் செலவு தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டேன்.

அன்று பின்னேரமே மின்னஞ்சல் அனுப்பினேன். சாப்பாட்டுக்கு ஒரு வரி நன்றி. மிச்சம் முழுக்க வரைபடத்தில் நாங்கள் பார்த்த வாய்க்கால் கரை வயல்களைப் பற்றியது: எதை விதை நெல்லுக்கு எடுக்கலாம், எதை விடலாம் என்று. அடுத்த கிழமை மறுமொழி வந்தது. என்னைத் தெரிந்த இரண்டு பேரின் விபரத்தைக் கேட்டிருந்தார்கள், அசல் சான்றிதழ்களோடு வவுனியா அலுவலகத்துக்கு வர வேண்டிய திகதியும் அதில் இருந்தது.