சலுகை கொடுத்தும் ரசீதில் குறையாத பாக்கி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ் கவுன்டர் என் பொறுப்பு. இரண்டாம் டெர்ம் வசூல் ஆரம்பித்ததுமே சலுகை வாங்கிய பிள்ளைகளின் ரசீதில் பாக்கி கூடுதலாக விழ ஆரம்பித்தது. பீடி சுற்றும் அம்மா ஒருத்தர் ரசீதை நீட்டி, “தள்ளுபடி உண்டுன்னு சொன்னிய சார், இதுல அம்புட்டும் அப்படியேல்லா கெடக்கு?” என்றார். லெட்ஜரில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது ரசீதைத்தானே.

சாஃப்ட்வேர்காரர்களுக்குப் போன் போட்டால், “சலுகையையும் ஒரு ரசீதாப் போட்டுருங்க சார், பாக்கி எறங்கிரும்” என்றார்கள். இறங்கும்தான். கைக்கு வராத பணம் அன்றைய வசூலில் ஏறிவிடும். சாயங்காலம் கல்லாவும் கணக்கும் ஒட்டாது. ஆடிட்டருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கடிதம் எழுதும் முன் சலுகைப் பிள்ளைகளின் ரசீதையும் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் ரசீதுக்கு முன்பே சலுகை ஏற்றியவர்களுக்குப் பாக்கி சரி. ரசீது போட்ட பிறகு ஏற்றியவர்களுக்கு மட்டும் தப்பு. அதுவும் சலுகைத் தொகை எவ்வளவோ, வித்தியாசமும் அவ்வளவே. இது தெரிந்ததும் கடிதம் சுலபமாகிவிட்டது:

“ஐயா, ஒரு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாய். ஜூனில் 8,000 கட்டினார். ஆகஸ்டில் 3,000 சலுகை ஏற்றினோம். அக்டோபரில் 6,500 கட்டினார். பாக்கி 6,500 என்று வர வேண்டும். லெட்ஜரிலும் அப்படியே இருக்கிறது. ரசீதில் மட்டும் 9,500 வருகிறது. முதல் ரசீது போட்டபோது இருந்த மொத்தக் கட்டணத்திலேயே ரசீது நின்றுவிடுகிறது என்று நினைக்கிறோம். பாக்கியை லெட்ஜரிலிருந்து எடுக்கும்படி திருத்தித் தரவும். பழைய ரசீதுகளின் எண், தேதி, கட்டிய தொகை மாறக் கூடாது.”

கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். அவசரத்தில் பழைய ரசீதுகளை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டால், பெற்றோர் கையில் இருக்கும் எண் எங்கள் கணினியில் இருக்காது. கூடவே அந்த ரசீதும் லெட்ஜர் பக்கமும் படமாகப் போயின. பிள்ளையின் பெயரை மறைத்து, சேர்க்கை எண்ணை மட்டும் விட்டேன்.

இந்த முறை “பார்க்கிறோம் சார்” இல்லை. டெவலப்பரே கூப்பிட்டு, ஆகஸ்ட் சலுகை எந்தத் திரையில் ஏற்றியது என்று மட்டும் கேட்டார். திருத்தம் வந்ததும் அதே பிள்ளையின் ரசீதை மறுபடி அச்செடுத்தேன்: பாக்கி 6,500, எண்ணும் தேதியும் பழையபடி. அதோடு விடாமல், ஏற்றிய சலுகையை ரத்து செய்தால் பாக்கி திரும்ப ஏறுகிறதா என்றும் மாதிரிக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஏறியது.

தப்பான ரசீது வாங்கியவர்களுக்கெல்லாம் ‘திருத்திய நகல்’ முத்திரையோடு கொடுத்துவருகிறோம். வேன் ஃபீஸ் சலுகை தனித் தலைப்பில் வருவதால் அதை இன்னும் சோதிக்க வேண்டியிருக்கிறது.