பம்ப்பை மாற்றச் சொன்னார்கள், அடைத்திருந்தது கடுகு

எங்கள் டிஷ்வாஷரில் மேல் ரேக்கில் வைக்கிற டம்ளர், டவரா எல்லாம் காபிக் கறை போகாமல், உள்ளே மண் மாதிரித் துகளோடு வர ஆரம்பித்தன. சர்வீசுக்குச் சொன்னேன். வந்தவர் கதவைத் திறந்தார், சால்ட் இருக்கிறதா என்று பார்த்தார், "பம்ப் வீக் ஆயிடுச்சு மேடம், மாத்தணும்" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். விசிட்டிங் சார்ஜும் வாங்கிக்கொண்டார். சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்மைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பம்ப் வீக் என்றால் கீழ் ரேக் தட்டுகள் மட்டும் எப்படிப் பளிச்சென்று வரும்? அதனால் மேல் ஆர்ம் சுற்றுகிறதா என்று பார்த்தேன். அதன் ஒரு முனையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து மெஷினை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தித் திறந்தால் போதும். வைத்த இடத்திலேயே நின்றது. ஆர்மைச் சுற்ற மோட்டார் எதுவும் கிடையாது; சாய்வாக இருக்கும் துளைகளில் பீறிடும் தண்ணீர்தான் அதைத் தள்ளுகிறது. அந்தத் துளைகள் அடைத்தால் ஆர்ம் நின்றுவிடும்.

எங்கள் மாடலில் நடுவிலுள்ள நட்டைத் திருகினால் ஆர்ம் கையோடு வந்துவிடுகிறது. குலுக்கினேன், உள்ளே கலகலவென்று சத்தம். நடுத்துவாரத்தைக் குழாயடியில் பிடித்ததும் எந்தெந்தத் துளையில் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. பல்குத்தும் குச்சியால் குத்தக் குத்தக் கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, போர்த் தண்ணீரின் வெள்ளை உப்புப் படிவு எல்லாம் வந்தன. ஊசி, கம்பி போடாதீர்கள். துளை பெரிதானால் பீய்ச்சும் வேகம் போய்விடும். குச்சிக்கு அசையாத உப்புப் படிவு வினிகர் கலந்த வெந்நீரில் ஊறியபின் கழன்றது.

கடுகு அங்கே எப்படிப் போனது? அடியிலுள்ள உருளை ஃபில்டர் பூட்டாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகப் போனதைப் பம்ப் மேலே தள்ளியிருக்கிறது. ஃபில்டரைக் கழுவி மாட்டும்போது திருகி, இறுகிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அதன்பிறகும் ஒரு மூலை டம்ளர்கள் அழுக்காகவே வந்தன. காரணம் கரண்டி. மேல் ரேக்கில் படுக்க வைத்த சாம்பார்க் கரண்டியின் காம்பு கம்பி வழியே கீழே நீட்டி ஆர்மைத் தடுத்திருந்தது. கீழேயும் இதே கதைதான்: பெரிய கடாயைத் தட்டையாகக் கவிழ்த்தால் கீழ் ஆர்ம் பீய்ச்சுவது அதன் உள்ளேயே நின்றுவிடும், மேலே ஏறாது. டெமோ காட்ட வந்தவர் பீங்கான் தட்டு அடுக்கத்தான் காட்டினார், கடாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது கடாயை ஓரமாக, வாய் நடுப்பக்கம் பார்க்கச் சாய்த்து வைக்கிறோம். டம்ளர்களை ஒன்றோடொன்று செருகாமல், லேசாகச் சரித்துக் கவிழ்க்கிறோம். கதவை மூடுமுன் இரண்டு ஆர்மையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், எது இடித்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

"பம்ப் ஆர்டர் போடட்டுமா மேடம்?" என்று சர்வீசிலிருந்து மறுபடி போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.